ஏப்ரல் 14: பி.பி.எஸ்ஸுக்கு எந்தப் பாடல்கள்?

சித்திரை முதல் நாள். தொலைக்காட்சியில் பட்டிமன்றமும் புதுப்படமும் ஓடிக்கொண்டிருக்கும். அதே நாள் மாலையில், சென்னையின் சிறிய சபாக்களிலும் ஊர்ப்பக்கத்துக் கல்யாண மண்டபங்களிலும் சில மெல்லிசைக் குழுக்கள் மேடை போட்டு பழைய பாடல்களைப் பாடும். பின்னால் தொங்கும் பேனரில் ஜரிகைத் தொப்பி அணிந்த ஒரு முகம் இருக்கும். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று, தமிழ்ப் புத்தாண்டு நாளில், தன் 82ஆம் வயதில் சென்னையில் காலமானார் பி.பி.ஸ்ரீனிவாஸ். அந்த ஆண்டிலிருந்து அவருடைய ரசிகர்களுக்குப் புத்தாண்டும் நினைவஞ்சலியும் ஒரே நாளில் வருகின்றன.

அஞ்சலிக் கச்சேரி நடத்துகிறவர்களுக்கு முதலில் எழும் கேள்வி, எந்தப் பாடல்களை எடுப்பது என்பதுதான். அவர் தமிழில் மட்டும் பாடியவர் அல்ல. கன்னடத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ராஜ்குமாரின் குரலாகவே இருந்தார். தெலுங்கு, மலையாளம், இந்தி என்று பாடல்கள் பரந்து கிடக்கின்றன. இரண்டரை மணி நேர நிகழ்ச்சியில் இருபத்தைந்து பாடல்களுக்கு மேல் அடங்காது. தமிழை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலை எளிதாகும். அவருடைய தமிழ்ப் பொற்காலத்துக்குத் தெளிவான எல்லைகள் உண்டு. 1961இல் தொடங்கி 1968இல் அது ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அந்த எட்டு ஆண்டுகளுக்குள் நின்றுகொண்டு பொறுக்கினாலே பட்டியல் நிரம்பி வழியும்.

இந்த எல்லைகள் எப்படி வந்தன என்று தெரிந்தால், எந்தப் பாட்டை எடுப்பது, எதை விடுவது என்பதும் புரிந்துவிடும்.

காக்கிநாடாவில் 1930இல் பிறந்தவர் பிரதிவாதி பயங்கரம் ஸ்ரீனிவாஸ். வீணைக் கலைஞர் ஈமனி சங்கர சாஸ்திரி அவரை ஜெமினி ஸ்டுடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசனிடம் அழைத்துப் போனார். அங்கே வாசன் முன்னிலையில் அந்த இளைஞர் பாடிக் காட்டியது 'தீதார்' படத்தில் முகமது ரஃபி பாடிய ஓர் இந்திப் பாட்டு. 1952இல் வெளிவந்த ஜெமினியின் இந்திப் படமான 'மிஸ்டர் சம்பத்'தில் அவர் குரல் முதன்முதலாக ஒலித்தது. அடுத்த ஆண்டே 'ஜாதகம்' மூலம் தமிழுக்கு வந்தார். ஆனாலும் எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஐம்பதுகளின் தமிழ்த் திரையில் நாடக மேடையிலிருந்து வந்த கணீர்க் குரல்களுக்கே முதலிடம். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற வழக்கம் அந்தப் பாட்டு முறையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்ரீனிவாஸின் குரலோ மைக்கை நம்பியே பிறந்த குரல். கீழ் ஸ்தாயியில்தான் அதன் அழகு முழுவதும் இருந்தது. அதைக் கேட்க ஒலிப்பதிவுக் கருவியும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த இசையமைப்பாளர்களும் வேண்டியிருந்தார்கள்.

மென்மையான குரலுக்கு அப்போது ஓர் இடம் இருந்தது. அது ஜெமினி கணேசனின் இடம். 'மிஸ்ஸியம்மா' முதல் 'கல்யாணப் பரிசு' வரை அந்த இடத்தில் ஏ.எம்.ராஜா இருந்தார். 1961இல் வந்த 'தேன் நிலவு'க்குப் பிறகு இயக்குநர் ஸ்ரீதர், ராஜாவை விட்டு விஸ்வநாதன் – ராமமூர்த்தி இணையிடம் போனார். 'அடுத்த வீட்டுப் பெண்' படத்திலேயே ஸ்ரீனிவாஸின் குரல் கவனம் பெற்றிருந்தது. வழி திறந்ததும் அந்தக் குரல் நேராக உள்ளே வந்து அமர்ந்துவிட்டது.

பட்டியலின் முதல் பாட்டாக 1961இன் 'காலங்களில் அவள் வசந்தம்' இருப்பதே சரி. படம் 'பாவமன்னிப்பு'. இயக்கம் ஏ.பீம்சிங், பாட்டு கண்ணதாசன், இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னைப் பருவங்களில் வசந்தமாகவும் மாதங்களில் மார்கழியாகவும் சொல்லிக்கொள்வான். அந்த வாக்கிய அமைப்பை எடுத்துக் காதலிக்குச் சூட்டியிருக்கிறார் கவிஞர். வரிக்கு வரி ஒரே அச்சில் வார்த்த புகழ்ச்சி. இப்படிப்பட்ட பாட்டை வேகமாகவோ உரக்கவோ பாடினால் பொருட்காட்சி அறிவிப்புபோல ஆகிவிடும். ஸ்ரீனிவாஸ் ஒவ்வொரு வரியையும் அப்போதுதான் யோசித்துச் சொல்வதுபோல விடுகிறார். வரியின் கடைசிச் சொல்லில் குரலை இறக்கி, ஒரு நொடி நிறுத்தி, அடுத்ததைத் தொடங்குகிறார். இதே படத்தில் சிவாஜி கணேசனுக்கு டி.எம்.சௌந்தரராஜன் பாடியிருக்கிறார். இரண்டு நாயகர்களுக்கு இரண்டு குரல்கள் என்ற பங்கீடு எவ்வளவு பொருத்தமாக அமைந்தது என்பதற்கு இந்தப் படம் ஒன்றே போதும். அதே ஆண்டில் 'பாசமலர்' வந்தது. அங்கும் சிவாஜி டி.எம்.எஸ். குரலில் பாட, ஜெமினிக்காக பி.சுசீலாவுடன் 'யார் யார் யார் அவள் யாரோ' பாடினார் ஸ்ரீனிவாஸ்.

அடுத்து 1962. அவருடைய வாழ்க்கையிலேயே செழிப்பான ஆண்டு என்று இதைத்தான் சொல்ல வேண்டும். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தின் 'நினைப்பதெல்லாம் நடந்துவிட்டால்', 'போலீஸ்காரன் மகள்' படத்தில் எஸ்.ஜானகியுடன் 'பொன் என்பேன்', 'வீரத்திருமகன்' படத்தில் சி.எல்.ஆனந்தனுக்காகப் பாடிய 'ரோஜா மலரே ராஜகுமாரி', எம்.ஜி.ஆருக்காக 'பாசம்' படத்தில் 'பால் வண்ணம் பருவம் கண்டு' என்று எல்லாம் அந்த ஓர் ஆண்டில் வந்தவை. எம்.ஜி.ஆருக்கு அவர் பாடியவை மிகக் குறைவு. அதனாலேயே 'பால் வண்ணம்' பட்டியலில் இடம்பெற வேண்டிய பாட்டு. வாள் சுழற்றும் நாயகனைச் சில நிமிடங்கள் தாழ்ந்த குரலில் பேசவைத்த பாட்டு அது.

ஆனால் அந்த ஆண்டின் தலையாய பாட்டு 'சுமைதாங்கி'யில் இருக்கிறது. 'மயக்கமா கலக்கமா'.

இந்தப் பாட்டோடு சேர்ந்த ஒரு சம்பவத்தைக் கவிஞர் வாலி தன் வாழ்நாள் முழுவதும் மேடைதோறும் சொல்லிவந்தார். வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்து, சில பாடல்கள் எழுதியும் நிலைக்க முடியாமல், இனி இங்கே இருந்து பயனில்லை என்று மூட்டை கட்ட முடிவுசெய்திருந்தார் வாலி. அந்த நேரத்தில் அவரைப் பார்க்க வந்தார் ஸ்ரீனிவாஸ். புதிதாக என்ன பாடினீர்கள் என்று வாலி கேட்க, தான் பதிவுசெய்துவிட்டு வந்த கண்ணதாசன் பாட்டைக் குறிப்பேட்டைப் பார்த்துப் பாடிக் காட்டினார். தன்னைவிடக் கீழே இருப்பவர்களை நினைத்துப் பார்த்து மனத்தை நிலைநிறுத்திக்கொள்ளச் சொல்லும் பாட்டு அது. தனக்கென்றே எழுதியதுபோல இருந்தது வாலிக்கு. ஊருக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டார். அடுத்த ஆண்டே 'கற்பகம்' படம் அவரைத் தூக்கி நிறுத்தியது. பின்னர் 'எதிர்நீச்சல்' படத்துக்கு வாலி எழுதிய 'தாமரைக் கன்னங்கள்' பாட்டை வி.குமார் இசையில் ஸ்ரீனிவாஸே சுசீலாவுடன் பாடினார். அது 1968. இந்த இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துப் பாடி, இடையில் இந்தச் சம்பவத்தைச் சொல்கிற தொகுப்பாளருக்குக் கூட்டம் தானாகவே செவிசாய்க்கும்.

சம்பவம் உருக்கமானது என்பதால் பாட்டையும் உருக்கமாகப் பாட வேண்டும் என்று பல மேடைப் பாடகர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அஞ்சலிக் கச்சேரிகளில் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான். மூலப் பதிவை நிதானமாகக் கேட்டால் தெரியும், அதில் அழுகை கிடையாது. ஸ்ரீனிவாஸ் ஆறுதல் சொல்கிறார். ஆறுதல் சொல்கிறவர் அழுதால் கேட்கிறவருக்குப் பிடிமானம் போய்விடும். அவர் குரலில் இருக்கும் லேசான நடுக்கம் இயல்பாக அமைந்தது. அதைப் பிரதி எடுக்கிறேன் என்று ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்திலும் குரலை ஆட்டினால் பாட்டு கெட்டுப்போகும். அவர் பெரும்பாலும் ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தும்போது நேராக நிறுத்துகிறார். விடும்போதுதான் அந்த நடுக்கம் மெல்ல எட்டிப் பார்க்கிறது.

இரண்டாவது பிழை சுருதியில் நடக்கிறது. இன்றைக்குக் கரோக்கி ட்ராக்கை வைத்துப் பாடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தன் குரலுக்கு ஏற்றபடி ட்ராக்கின் சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை என்று ஏற்றிக்கொள்ளலாம். டி.எம்.எஸ். பாடல்களை உச்சத்தில் பாடிப் பழகியவர்கள் ஸ்ரீனிவாஸ் பாட்டுக்கு வரும்போது கீழ் ஸ்வரங்கள் எட்டாமல் சுருதியைக் கூட்டிவிடுகிறார்கள். மெட்டு அதேதான். ஆனாலும் பாட்டு வேறொன்றாகிவிடுகிறது. ஏனென்றால் அந்த மெட்டுகள் அவருடைய அடிக்குரலுக்கென்றே அளந்து போடப்பட்டவை. பல்லவியின் முடிவில் குரல் இறங்கி உட்காரும் இடம்தான் அந்தப் பாடல்களின் உயிர். அது இறங்க வேண்டிய ஆழத்துக்கு இறங்கவில்லை என்றால், கேட்பவருக்கு எதுவோ குறைகிறது என்று தோன்றும். எது என்று சொல்லத் தெரியாது. குழுவில் தாழ்ந்த குரல் உள்ளவர் யாரோ அவருக்கு இந்தப் பாட்டைக் கொடுத்துவிடுவதே நல்லது. பொருத்தமானவரைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பல்லவியின் கடைசிச் சொல்லை வாத்தியமில்லாமல் பாடச் சொல்லிக் கேட்க வேண்டும். கடைசி எழுத்து காற்றாகக் கரைந்துபோனால் அந்தச் சுருதி அவருக்கு ஆகாது.

மூன்றாவது பிழையைப் பாடகர் மேல் போட முடியாது. அறுபதுகளில் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் ஒரே ஒலிநாடாவில் பதிவானார்கள். யாராவது ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குரலுக்கு நெருக்கமாக மைக். தபேலாவும் வயலின்களும் தள்ளி. யார் எவ்வளவு தூரத்தில் அமர்வது என்பதிலேயே ஒலி அளவு முடிவாகிவிடும். முணுமுணுப்பதுபோலப் பாடினாலும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டதற்கு இதுதான் காரணம். இன்றைய மேடையில் ரிதம் பேடும் பேஸ் கிட்டாரும் குரலின் கீழ்ப்பகுதி ஒலிக்கும் அதே இடத்தில் முட்டிமோதுகின்றன. பாடகர் கேட்கவில்லை என்று ஒலிப்பொறியாளர் மைக்கை ஏற்றுவார். உடனே ஸ்பீக்கர் ஊளையிடும். பிறகு பாடகர் கத்தத் தொடங்குவார். ஸ்ரீனிவாஸ் பாட்டு வரும்போது குரலை ஏற்றுவதை விட்டுவிட்டு வாத்தியங்களை இறக்க வேண்டும். பாதிக் குழுவை ஓய்வெடுக்கச் சொன்னாலும் தவறில்லை. இந்த ஒன்றைச் செய்கிற குழுக்களின் அஞ்சலி மற்றவற்றைவிடப் பல மடங்கு நன்றாக அமைகிறது.

அவருடைய குரலின் தனித்தன்மையைப் புதிதாகக் கேட்பவருக்குப் புரியவைக்க ஒரே பாட்டுதான் எடுக்கலாம் என்றால், 1963இன் 'பார் மகளே பார்' படத்திலிருந்து 'அவள் பறந்து போனாளே' பாட்டைத் தேர்வு செய்யலாம். மகளைப் பிரிந்த துயரத்தை இரண்டு ஆண்கள் பாடுகிறார்கள். சிவாஜிக்கு டி.எம்.எஸ்., வி.கே.ராமசாமிக்கு ஸ்ரீனிவாஸ். மெட்டும் துயரமும் ஒன்றே. டி.எம்.எஸ். குரலில் அது நெஞ்சை அடைத்துக்கொண்டு வெடித்து வருகிறது. ஸ்ரீனிவாஸ் குரலில் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. யார் உயர்ந்தவர் என்ற வாதத்துக்கே அங்கு இடமில்லை. கர்வம் மிகுந்த ஒரு தந்தைக்கும் அடங்கிப்போகும் ஒரு நண்பருக்கும் எந்தக் குரல் பொருந்தும் என்று அறிந்து கொடுத்திருக்கிறார்கள். நகைச்சுவைக்குப் பேர்போன ராமசாமிக்கு இந்தக் குரல் பொருந்தும் என்று நினைத்ததே பெரிய துணிச்சல். மேடையில் இதை ஒருவரே இரண்டு குரலில் பாடிக் கைதட்டு வாங்க முயல்வது உண்டு. அது வித்தை காட்டுவதாகிவிடும். இரண்டு பேர் நின்று பாட வேண்டிய பாட்டு இது.

இப்படிச் சோகமும் ஆறுதலுமாகவே அடுக்கினால் அவருக்கு நியாயம் செய்ததாகாது. 1964இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. அதில் சுசீலாவுடன் பாடிய 'அனுபவம் புதுமை' மேற்கத்திய நடையில் அசைந்து போகும் பாட்டு. இங்கும் அவர் குரலை உயர்த்தவில்லை. தாளம் துள்ளும்போது குரல் துள்ளாமல் அதன்மேல் மிதந்து போகிறது. நிகழ்ச்சியின் நடுவில், இரண்டு மெதுவான தனிப்பாடல்களுக்குப் பிறகு இதை வைத்தால் அரங்கம் மறுபடியும் நிமிர்ந்து உட்காரும். மெதுவான தனிப்பாடல்கள் மூன்று தொடர்ந்து வரக்கூடாது என்பது பழைய குழுக்காரர்கள் அறிந்த கணக்கு. ஸ்ரீனிவாஸ் அஞ்சலியில் அந்தக் கணக்கு மிகவும் முக்கியம்.

1966இல் இரண்டு பாடல்கள், இரண்டுக்கும் இசை எம்.எஸ்.விஸ்வநாதன். ஒன்று 'கொடிமலர்' படத்தின் 'மௌனமே பார்வையால்'. வாய் பேச முடியாத நாயகியை நோக்கிப் பாடுவது. பதில் வராது என்று தெரிந்தே கேட்கிற கேள்விகள் அவை. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அவர் விடும் இடைவெளியில், அவளுடைய பார்வைக்காகக் காத்திருப்பது கேட்கிறது. இன்னொன்று 'ராமு'வின் 'நிலவே என்னிடம் நெருங்காதே'. மனைவியை இழந்து, பேச்சிழந்த மகனோடு வாழும் ராணுவ வீரனாக ஜெமினி நடித்த படம். தன்னை நெருங்கிவரும் அன்பை ஏற்க முடியாமல் விலகி நிற்கிறவனுடைய பாட்டு. பாகேஸ்ரீ ராகம். ஏக்கத்துக்கும் காதலுக்கும் இசையமைப்பாளர்கள் தேடிப்போகும் ராகத்தை, காதலை மறுக்கும் பாட்டுக்கு எடுத்திருக்கிறார் விஸ்வநாதன். வாய் வேண்டாம் என்கிறது, ராகம் வேண்டும் என்கிறது. இந்த முரணைத் தாங்குவதற்கு ஸ்ரீனிவாஸின் குரல் இருந்தது. மறுப்பில் கடுமை ஒரு துளி கூடினாலும் பாட்டு உடைந்துவிடும். நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டாக இதை வைப்பவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் கலையும் நேரத்துக்கு உரிய பாட்டு அல்ல இது. எல்லோரும் வந்து அமர்ந்து, காது பழகியபின், இடைவேளைக்குச் சற்று முன் வைக்க வேண்டியது.

1969இல் காட்சி மாறியது. 'சாந்தி நிலையம்' படத்தில் ஜெமினி கணேசன் 'இயற்கை என்னும் இளைய கன்னி' என்று பாடியபோது ஒலித்தது எஸ்.பி.பாலசுப்ரமணியம் என்ற புதிய இளைஞரின் குரல். தமிழில் மென்குரலின் நாற்காலி அன்றோடு கைமாறியது. கன்னடத்தில் 1974வரை அந்த நாற்காலி இருந்தது. 'சம்பத்திகே சவால்' படத்தில் ராஜ்குமார் தானே பாடி அது பெரும் வெற்றி பெற்றதும், அங்கும் அவருடைய பாட்டுகள் குறைந்தன. அதன் பிறகு அவர் கவிதை எழுதுவதில் முழுகிப்போனார். எட்டு மொழிகளில் எழுதினார். சட்டைப் பையில் வரிசையாக வண்ண வண்ணப் பேனாக்களுடன், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த அவரைப் பார்த்த சென்னைக்காரர்கள் ஏராளம்.

பொற்காலத்துக்கு வெளியிலிருந்து ஒரே ஒரு பாட்டைச் சேர்க்க அனுமதி உண்டென்றால் அது 2010இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தின் 'பெம்மானே'. ஜி.வி.பிரகாஷ்குமார் இசையில் பம்பாய் ஜெயஸ்ரீயுடன் பாடியபோது அவருக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பசியில் வாடும் ஒரு கூட்டத்தின் மன்றாட்டுக்கு அந்த முதிய குரல் தந்த கனத்தை வேறு எதுவும் தந்திருக்காது. இளைஞர்கள் வரும் அரங்கில் இதைப் பதிவிலிருந்தே ஒலிக்கவிடலாம். மேடையில் பாடிப் பார்க்கத் தேவையில்லை.

கர்நாடகத்தில் இந்த வாரம் இன்னும் நெருக்கமானது. ராஜ்குமார் மறைந்தது 2006 ஏப்ரல் 12. நடிகருக்கும் அவருடைய பாட்டுக் குரலுக்கும் இரண்டு நாள் இடைவெளியில் நினைவு நாள்கள் வருகின்றன.

கச்சேரி நடத்துகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். 'மயக்கமா கலக்கமா', 'பொன் என்பேன்', 'அனுபவம் புதுமை' எல்லாவற்றையும் மேடையில் "இசை எம்.எஸ்.வி." என்று அறிவித்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. 1965இல் பிரியும்வரை அந்தப் பாடல்களை உருவாக்கியவர்கள் இரண்டு பேர். மற்றவர் வயலின் கலைஞர் டி.கே.ராமமூர்த்தி. அவர் இறந்தது 2013 ஏப்ரல் 17, ஸ்ரீனிவாஸ் மறைந்த மூன்றாம் நாள். பாட்டை அறிவிக்கும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.